ஊருக்கு வந்த நாலாம் நாள் வயிற்றோட்டம்: முதலில் ஜீவனி, குளிசை பிறகு

ஜூலை, ஆகஸ்ட் லீவு தொடங்கினால் திருகோணமலையில் நான் நிற்கும் பாமசிக்கு லண்டன்காரரும் கனடாக்காரரும் வரத் தொடங்கிவிடுவார்கள். பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, வயித்தோட்டம், நல்ல அன்ரிபயோட்டிக் ஒண்டு தாங்கோ." டொக்டரின் துண்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் முகம் சுருங்கும். துண்டு எழுதக்கூடிய டொக்டரே முன்னால் நின்றாலும் அதில் முக்கால்வாசிப் பேருக்கு அது தேவைப்படாது என்பதை அந்த நேரத்தில் விளக்க முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன வருடம் என் மச்சானுக்கு வந்ததையே வைத்துச் சொல்கிறேன். ஆள் டொரொண்டோவில் இருபது வருடம். ஞாயிறு வந்து இறங்கினார். செவ்வாய் பின்னேரம் கடற்கரையில் ஐஸ் போட்ட ஜூஸ், புதன் மத்தியானம் சித்தி வீட்டில் நண்டுக்கறி, புதன் இரவு இரண்டு மணிக்குத் தொடங்கிவிட்டது. விடிவதற்குள் நாலு தரம் போய்விட்டார். "நண்டுதான்" என்கிறார். நான் ஐஸைத்தான் சந்தேகப்பட்டேன். இந்த வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஈ கோலை வகைப் பக்டீரியாக்கள், உள்ளே போய் வேலை காட்ட அவற்றுக்கு அரை நாளிலிருந்து மூன்று நாள் வரை எடுக்கும். கொதிக்கக் கொதிக்க இறக்கிய நண்டை விட, எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் மோசம். கடைசியாகச் சாப்பிட்டதையே குற்றவாளியாக்கி, பாவம் சித்தியை நோகடிக்காதீர்கள்.

"நான் இந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தவன்" என்பது அடுத்த பேச்சு. வளர்ந்தது சரி, ஆனால் அந்த எதிர்ப்பு கூடவே இருந்துவிடாது, வெளியே பல வருடம் இருந்தால் தேய்ந்துபோகும். ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரர் பயத்தில் போத்தல் தண்ணீர் குடிக்கிறார், நம் ஆட்கள் ஒரு கிழமையில் ஏழு வீட்டில் சாப்பிடுகிறார்கள்.

வராமல் தடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இது சூடாக ஆவி பறக்க வந்ததா? கொத்து ரொட்டி தகட்டில் வெந்து வருகிறது, பயமில்லை, பக்கத்தில் வைக்கும் பச்சை வெங்காயச் சலாதுதான் ஆபத்து. தோசை சரி, காலையில் அரைத்து மத்தியானம் வரை மேசையில் கிடக்கும் சட்னியும் சம்பலும் வேண்டாம். தண்ணீர் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், ஆறவிட்டு அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். பல் துலக்கவும் அதுதான். சொந்தக்காரர் வீட்டில் வெட்கமாக இருந்தால் தேத்தண்ணி கேளுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். முன்கூட்டியே அன்ரிபயோட்டிக் விழுங்கிக்கொண்டு வருவது சாதாரண ஆளுக்குத் தேவையில்லாத வேலை.

சரி, வந்துவிட்டது. முதல் வேலை ஜீவனி, அதாவது உப்பும் குளுக்கோசும் கலந்த பக்கெட் தூளை, தண்ணீரில் கரைப்பது. இதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். பக்கெட்டில் ஒரு லீட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பக்கெட்டையும் சரியாக ஒரு லீட்டரில் கரைக்க வேண்டும். மச்சான் என்ன செய்தார்? கிளாசில் தண்ணீர் எடுத்து, கண்மதிப்பில் அரைப் பக்கெட்டைக் கொட்டிக் கலக்கினார். அது உப்புக் கூடிப்போய் நல்லதுக்குப் பதிலாகக் கெடுதல் செய்யும். மாறாக ஒன்றரை லீட்டர் போத்தலில் ஒரு பக்கெட் போட்டால் ஐதாகிவிடும். சுலபமான வழி, இரண்டு அரை லீட்டர் போத்தல் தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி அதில் ஒரு பக்கெட். 24 மணிநேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டுங்கள். ஒவ்வொரு தரம் போய் வந்த பிறகும் பெரியவர் ஒரு பெரிய கிளாஸ் அளவு, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை அரைக் கிளாஸ் அளவு, சத்தி இருந்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாக.

பக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. குவியலாக அள்ளாமல் மட்டமாகத் தட்டி எடுங்கள். கரைத்ததை நக்கிப் பார்த்தால் கண்ணீரை விட உப்பாக இருக்கக்கூடாது. செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், கூடவே உப்புப் போட்ட கஞ்சி குடியுங்கள். சோடாவும் இனிப்பான பழச்சாறும் சீனி கூடி வயிற்றுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துவிடும். போதுமா என்று எப்படித் தெரியும்? சிறுநீர் வெளிர் மஞ்சளாக, சில மணிநேரத்துக்கு ஒருதரம் வந்தால் போதும்.

மச்சான் அடுத்ததாகக் கேட்டது நிறுத்துகிற குளிசை, அதாவது லோபரமைட். காய்ச்சலும் இரத்தமும் இல்லாத பெரியவருக்கு அதைக் கொடுக்கலாம், பஸ்ஸிலோ விமானத்திலோ போக வேண்டிய நாளுக்கு வசதி. முதலில் இரண்டு, அப்புறம் தண்ணியாகப் போகும் ஒவ்வொரு தரத்துக்கும் ஒன்று, ஒரு நாளுக்கு மொத்தம் நாலுக்கு மேல் வேண்டாம் (ஒன்று 2 மில்லிகிராம்), இரண்டு நாளைக்கு மேலும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

இனி அன்ரிபயோட்டிக். மச்சானுக்குக் காய்ச்சல் இல்லை, இரத்தம் இல்லை, எழும்பி நடமாடுகிறார், அப்படியானால் தேவையில்லை. வியாழன் முழுக்க ஜீவனியும் கஞ்சியும், வெள்ளி இரண்டு தரம், சனி சரியாகிவிட்டது. தேவையில்லாமல் விழுங்கினால் குடலில் இருக்கும் நல்ல பக்டீரியாக்கள் சாகும், மருந்துக்கு அசையாத பக்டீரியாவைக் கூட்டிக்கொண்டு கனடா போவீர்கள்.

அது உண்மையாக உதவுவது வேறு ஆட்களுக்கு. மலத்தில் இரத்தம் அல்லது சளி, கூடவே நல்ல காய்ச்சல், அல்லது படுக்கையை விட்டு எழும்ப முடியாத அளவு போவது. அந்த நேரத்தில் டொக்டர் பெரும்பாலும் அசித்ரோமைசின் எழுதுவார், ஒரே தரம் 1 கிராம் அல்லது 500 மில்லிகிராம் மூன்று நாள். சில இதய மருந்துகளோடு அது ஒத்துப்போகாது, என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று முதலே சொல்லிவிடுங்கள். நோய் ஒரு நாளோ ஒன்றரை நாளோ முன்னதாக நிற்கும், அவ்வளவுதான். பழைய ஆட்கள் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளொக்சசின் தென்னாசியாவில் நிறையப் பக்டீரியாவுக்கு இப்போது வேலை செய்வதில்லை. மெட்ரோனிடசோல் அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும்தான், ஈ கோலைக்கு அதனால் பிரயோசனமில்லை. இரண்டு கிழமை தாண்டியும் நிற்கவில்லை என்றால் ஜியார்டியாவாக இருக்கலாம், மலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சீனி வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர் என்றால் பார்த்துக்கொண்டிருக்காமல் முதல் நாளே டொக்டரிடம் காட்டுங்கள். ஆறு மணிநேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழும்பினால் தலைசுற்றுகிறது, குடித்ததெல்லாம் சத்தியாக வருகிறது என்றால் யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரி. இன்னொன்று: இங்கே டெங்கு இருக்கிறது, அதுவும் காய்ச்சலும் வயிற்றோட்டமுமாகத் தொடங்கலாம். காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும் போடுங்கள், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஐபுப்ரோஃபென் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். காய்ச்சல் இரண்டாம் நாளும் விடவில்லை என்றால் இரத்தம் பார்க்கக் கொடுங்கள்.