ஹவுசிங்ல பனியா, லீக்கா? கடலுக்குள்ள கேமரா கொண்டுபோறவங்க பண்ற தப்புகள்

அந்தமான் ஹேவ்லாக் தீவுல டைவ் பண்ணப்போ ஃப்ரெண்டோட ஆக்‌ஷன் கேமரா பத்தே நிமிஷத்துல லென்ஸ் நடுவுல வெள்ளையா மங்கிடுச்சு, அவன் லீக்குன்னு பதறிட்டான். லீக் இல்ல, பனி. லீக்னா கீழ்மூலைல துளி சேரும், சாய்ச்சா ஓடும். பனி கண்ணாடி முழுக்க மெல்லிசா படியும்.

அவன் பண்ண தப்பு, கேமராவ வைக்கிற தண்ணி புகாத பெட்டி, அதான் ஹவுசிங், அத போட்லயே ஈரக்கையோட மூடுனது. போட்ல இருக்குற காத்து சூடு, ஈரமும் ஜாஸ்தி, அதையும் சேர்த்து உள்ள பூட்டிட்டு 28 டிகிரி தண்ணில இறக்குனா கண்ணாடி குளிர்ந்து உள்ள இருக்குற ஈரம் அதுமேல படிஞ்சிடும், கேமரா சூடு வேற உள்ள இருக்குற கையீரத்த ஆவியாக்கும். அதனால ரூம்லயே ஏசி போட்டு காஞ்ச கையோட மூடிடுங்க. ஏசி காத்துல ஈரம் கம்மி, அந்தக் காத்து கடல் தண்ணி சூட்டுல பனியா மாறாது. உள்ள ஈரத்த உறிஞ்சுற ஆன்டி-ஃபாக் அட்டை போட்டாலும் நல்லா காஞ்சதா பாத்து போடுங்க, போன ட்ரிப்ல போட்டதையே திரும்ப போட்டா அது ஏற்கனவே ஈரத்த குடிச்சிருக்கும். அட்டையோட ஓரம், மூடிய தண்ணி புகாம அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்க்ல மாட்டக்கூடாது, மாட்டுனா லீக்குதான்.

லீக்க பொறுத்தவரை பெரும்பாலும் காரணம் ஒரு முடி, இல்லன்னா ஒரு மணல். ஓ-ரிங்க விரலுக்கு நடுவுல உருட்டிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத மணல் விரல்ல தட்டுப்படும். ரப்பர் பளபளன்னு ஆகுற அளவுக்கு மட்டும் கிரீஸ் போதும், நிறைய பூசுனா அதுலயே மணல் ஒட்டிக்கும். ஹவுசிங்கோட கிரீஸ் தரலன்னா அதுக்குத் தேவையான்னு மேனுவல்ல பாத்துட்டு போடுங்க. ஆழத்துல அழுத்தமே ரெண்டு பக்கத்தையும் நெருக்கிப் பிடிக்கும், அதனால மேல ஆழமில்லாத இடத்துலதான் நிறைய லீக் ஆரம்பிக்கும், "மேலதானே இருக்கோம்"னு அசட்டையா இருந்துடாதீங்க. முதல்ல கேமரா இல்லாம உள்ள டிஷ்யூ பேப்பர் வச்சு பக்கெட்ல 15 நிமிஷம் முக்குங்க, அடுத்து முதல் டைவுக்கும் காலியாவே கொண்டுபோங்க. பக்கெட்ல பாஸ் ஆனா மணல், முடி இல்லன்னுதான் அர்த்தம், 15 மீட்டர் தாங்கும்னு இல்ல.

கீழ துளி தெரிஞ்சா தண்ணி கேமராகிட்ட வராத பக்கமா சாய்ச்சுப் பிடிச்சுட்டு வழக்கமான வேகத்துலயே மேல வாங்க. மேல வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிக்கணுமே, அந்த சேஃப்டி ஸ்டாப்ப கேமராவுக்காக விட்டுடாதீங்க, தயவுசெஞ்சு.

கலர் விஷயத்துல எல்லாரும் ஆழத்த மட்டும்தான் பாக்குறாங்க. சிவப்பு 5 மீட்டர்லயே நிறைய போயிடும், ஆனா மீன்கிட்ட இருந்து கேமரா வரைக்கும் உள்ள தண்ணியும் சேர்ந்துதான் திங்குது. 8 மீட்டர் ஆழத்துல 3 மீட்டர் தள்ளி நின்னு எடுத்தா வெளிச்சம் கிட்டத்தட்ட 11 மீட்டர் தண்ணிய கடந்து வருது. ஜூம் பண்ணாம ஒரு கை தூரத்துக்குப் போங்க, நீலம் அங்கயே கொஞ்சம் கொறையும். ரெட் ஃபில்டர் இல்லாத சிவப்ப கொண்டுவராது, மத்த கலர கொறச்சு சமமாக்கும், அதனால படமும் கொஞ்சம் இருட்டாகும். 2 மீட்டர் ஸ்நார்க்கல்ல அத போட்டா எல்லாமே சிவந்துடும், டார்ச் அடிக்கும்போதும் கழட்டிடுங்க.