அம்மாயியின் கொள்ளுப் பருப்பும் என் மொழிபெயர்ப்பும்: சமையல் குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்ளுப் பருப்பு எப்படிச் செய்வது என்று கேட்டால் என் அம்மாவின் அம்மாவான அம்மாயி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். “கொள்ள வறுத்து வேக வெச்சு, தண்ணிய இறுத்து வெச்சுக்கிட்டு, வெங்காயமும் செலவும் வதக்கிப் போட்டுக் கடைஞ்சா ஆச்சு கண்ணு.” கோபிச்செட்டிபாளையம் பக்கத்து வீடுகளில் இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படாது. அமெரிக்காவில் வளர்ந்த என் அக்கா மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவளுக்காக இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அவள் எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தாள். வந்தது எண்ணெய் மிதக்கும் ஒரு பசை, ரசம் வைக்கத் தண்ணீரும் இல்லை. சமைத்தவள் மேல் பிழையில்லை. அம்மாயியின் வாக்கியத்தில் இருந்த ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லையும் நான் தவறாக மாற்றியிருந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வறுப்பது, வதக்குவது, பொரிப்பது

‘வறுத்து’ என்பதற்கு ‘ஃப்ரை’ என்று எழுதினேன். தமிழில் வெறும் சட்டியில் சூடு காட்டுவது வறுப்பது, கொஞ்சம் எண்ணெயில் புரட்டுவது வதக்குவது, எண்ணெயில் மூழ்கவிட்டு எடுப்பது பொரிப்பது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரை’ என்றதும் வாசிப்பவரின் கை எண்ணெய்ப் புட்டிக்குத்தான் போகும். அவளும் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் கொள்ளைப் போட்டிருக்கிறாள். சரி, ‘ரோஸ்ட்’ என்று போடலாமா என்றால், அங்கே அந்தச் சொல்லுக்கு ‘ஓவன்’ அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்கள்.

அதனால் இப்போது வினைச்சொல்லோடு நிறுத்துவதில்லை. எண்ணெய் உண்டா இல்லையா, எவ்வளவு தீ, எதைப் பார்த்து நிறுத்துவது என்ற மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன். “எண்ணெய் விடாமல், மிதமான தீயில், கைவிடாமல் கிளறுங்கள். கொள்ளு லேசாக நிறம் மாறி, வாசம் வந்து, ஒன்றிரண்டு வெடிக்கத் தொடங்கியதும் இறக்குங்கள்.” சொல் தவறினாலும் இந்த அடையாளங்கள் சமைப்பவரைக் காப்பாற்றிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளிபாளையம் சிக்கனை வறுவல் என்கிறோம். ஆனால் அது வெறும் சட்டியில் வறுத்ததும் இல்லை, எண்ணெயில் பொரித்ததும் இல்லை. வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லோடு வதக்கி, கறியின் தண்ணீரிலேயே வேகவிட்டுச் சுண்ட வைப்பது. பெயரில் இருக்கும் வினையை நம்பிச் செய்முறையை மொழிபெயர்க்கக் கூடாது. சட்டிக்குள் என்ன நடக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும்.

இறுத்த தண்ணீர் எங்கே போகிறது?

‘இறுத்து’ என்பதற்கு ‘டிரெயின்’ என்று எழுதினேன். அகராதிப்படி சரிதான். ஆனால் அந்தச் சொல்லைப் படித்தவர் சல்லடையைத் தொட்டிமேல் பிடித்துத் தண்ணீரை ஊற்றிவிடுவார். கொங்கு வீட்டில் கொள்ளு வெந்த தண்ணீர்தான் அன்றைய ரசம். பருப்புக்கு வேகவைக்கும்போதே ரசத்துக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் வைப்பார்கள். அம்மாயி சொன்னதில் ‘வெச்சுக்கிட்டு’ என்று ஒரு சொல் இருந்தது. அதுதான் முக்கியம், அதைத்தான் நான் விட்டுவிட்டேன். “கீழே ஒரு பாத்திரம் வைத்து வடியுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு வேண்டும், கடையும்போதும் ஒரு கரண்டி தேவைப்படும்” என்று எழுதியிருக்க வேண்டும்.

வெங்காயமும் செலவும்

எங்கள் பக்கத்து ஊர் வீடுகளில் வெங்காயம் என்றால் சின்ன வெங்காயம். மற்றதைத்தான் ‘பெரிய’ என்று அடைமொழி போட்டுச் சொல்வோம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இது தலைகீழ். ‘பதினைந்து வெங்காயம்’ என்பதை அப்படியே மாற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ‘ஷாலட்’ என்று எழுதலாம், ஆனால் அங்குள்ள கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் நம் வெங்காயத்தைவிடப் பெரியது. அதனால் எண்ணிக்கையோடு எடையும் தர வேண்டும். அம்மாயி எடுத்த பதினைந்தை உரித்து நிறுத்தபோது 100 கிராம் வந்தது.

செலவு என்பதை வேறு மாவட்டத் தமிழரே பணச் செலவு என்று படித்துவிடுவார்கள். மளிகைக் கடையில் வாங்கும் மல்லி, சீரகம், மிளகு போன்ற மசாலாச் சாமான்களுக்கு இங்கே செலவு என்று பெயர். செலவு ரசம் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இதை மொத்தமாக ‘மசாலா’ என்று மாற்றினால், வாசிப்பவர் பட்டை, கிராம்பு போட்ட பாக்கெட் பொடியை எடுத்துவிடுவார். எந்தக் குறிப்பில் எந்தச் செலவு என்று கேட்டு, பிரித்து எழுதுவது ஒன்றே வழி. கொள்ளுப் பருப்புக்கு அம்மாயி போடுவது மல்லி, சீரகம், வரமிளகாய், பூண்டு, கறிவேப்பிலை.

இந்த மல்லியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் ‘கொரியாண்டர்’ என்றால் விதை, தழைக்கு ‘சிலான்ட்ரோ’ என்று தனிப் பெயர். இங்கிலாந்தில் தழையையும் ‘கொரியாண்டர்’ என்பார்கள். யாருக்கு அனுப்பினாலும் விதையா தழையா என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.

கடைவது

நான் மிகவும் தடுமாறிய சொல் இதுதான். முதலில் ‘கிரைண்ட்’ என்று எழுதினேன். அவள் மிக்ஸியில் இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டாள். பசை வந்தது அதனால்தான். ‘மேஷ்’ என்றால் உருளைக்கிழங்கை அழுத்துவதுபோல் மேலிருந்து கீழே அழுத்துவது. ‘சர்ன்’ என்றால் வெண்ணெய் எடுப்பது. எதுவும் பொருந்தவில்லை.

கடையும்போது என்ன நடக்கிறது என்று அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மண்சட்டியைக் காலிடுக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு, மர மத்தின் காம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டுகிறார். சட்டியின் அடி வளைவாக இருப்பதால் பருப்பு தானாகவே நடுவுக்கு வந்து மத்தின் அடியில் சிக்குகிறது. உட்புறம் சொரசொரப்பாக இருப்பதால் அதில் உரசியும் உடைகிறது. பாதி மசிகிறது, பாதி உடைந்த பருப்பாக நிற்கிறது, தோலும் அங்கங்கே தெரிகிறது. தட்டையான அடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் இதே மத்தை உருட்டினால் பருப்பு ஓரத்துக்கு ஓடிவிடும். ஆக, கடைவது என்ற வினைக்குள்ளேயே ஒரு சட்டியும் ஒரு மத்தும் இருக்கின்றன. சட்டியின் பெயரை ‘பான்’ என்று மாற்றிவிட்டு வினையை மட்டும் எவ்வளவு சரியாக எழுதினாலும் பயனில்லை.

மண்சட்டி இல்லாத சமையலறைக்கு நான் கடைசியில் எழுதியது இது: “வெங்காயத்தையும் அதோடு வதக்கிய சாமான்களையும் முதலில் மிக்ஸியில் தனியாக ஒன்றிரண்டாக அரையுங்கள். பிறகு வெந்த கொள்ளைச் சேர்த்து, விட்டுவிட்டு நான்கைந்து முறை மட்டும் சுற்றுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு நொடிக்கு மேல் வேண்டாம். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் கட்டியாக விழ வேண்டும். பாதிப் பருப்பாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒட்டும் பசையாக இழுத்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள்.” மண்சட்டியில் வரும் அதே பக்குவம் இதில் வராது. ஆனால் கொள்ளுப் பருப்பு என்று சொல்லும்படி வரும்.

தமிழருக்குள்ளேயே எழுதும்போதும் பாத்திரப் பெயரைக் கவனிக்க வேண்டும். எங்கள் வடச்சட்டி சென்னையில் வாணலி அல்லது கடாய், யாழ்ப்பாணத்தில் தாச்சி. போசி என்றால் மற்ற மாவட்டத்துக்காரர் பலருக்கும் விளங்காது. ஊர்ப் பெயரை நீக்க வேண்டாம், முதல்முறை வரும்போது அடி வளைவா தட்டையா, இரும்பா மண்ணா என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

டம்ளரும் கப்பும்

அளவில் பலர் செய்யும் தவறு, ‘டம்ளர்’ என்ற இடத்தில் எல்லாம் ‘கப்’ என்று போடுவது. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. வீட்டு டம்ளர் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரே டம்ளரில் அளந்தால் அது எந்த டம்ளராக இருந்தாலும் சாதம் சரியாக வரும். அக்கா மகள் அரிசி பருப்பை ரைஸ் குக்கர் கப்பிலும் தண்ணீரை அமெரிக்கக் கப்பிலும் அளந்தாள். 180 மில்லி அரிசி பருப்புக்கு 720 மில்லி தண்ணீர், அதாவது மூன்று பங்குக்குப் பதில் நான்கு பங்கு. சாதம் குழைந்துவிட்டது. “எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளக்கவும்” என்று ஒரு வரி எழுதாமல் விட்டேன்.

ஆனால் விகிதம் மட்டும் கைகொடுக்காத இடமும் உண்டு. கொள்ளு டம்ளரிலும் உப்பு கரண்டியிலும் இருந்தால், டம்ளர் பெரிதாகும்போது உப்பு குறைந்துபோகும். அப்போது அந்த டம்ளரின் கொள்ளளவு தெரிந்தே ஆக வேண்டும். காலி டம்ளரைச் சமையலறைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, வழக்கமாக அளக்கும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அம்மாயியின் டம்ளர் 200 மில்லி பிடித்தது. ஆழாக்கு, படி என்று வரும் பழைய குறிப்புகளுக்கும் இதே வழிதான். படிக்கு எட்டு ஆழாக்கு என்பது கணக்கு, ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும்.

கரண்டியும் அப்படித்தான். ‘ஒரு கரண்டி எண்ணெய்’ என்று அம்மாயி சொன்னால் அது தாளிக்கிற கரண்டி. ‘ஸ்பூன்’ என்று மாற்றினால் 5 மில்லி தேக்கரண்டியாகிவிடும். ‘ஒரு பிடி’, ‘ஒரு கை’ என்பவற்றைக் கேட்டு எழுதக் கூடாது. சமைப்பவரையே கையால் அள்ளித் தராசில் போடச் சொல்லி, அதன்பின் சட்டியில் போடவிட வேண்டும்.

விசில் கணக்கும் வெளிநாட்டுக்குச் செல்லாது. அங்கு பலர் வைத்திருக்கும் மின்சாரப் பிரஷர் குக்கரில் விசிலே வராது. இங்கேயும் அடுப்பின் தீயைப் பொறுத்து விசில் சீக்கிரமோ தாமதமோ வரும். வறுத்து, ஊறவைக்காமல் போட்ட கொள்ளுக்கு மின்சாரக் குக்கரில் சுமார் 40 நிமிடம் என்று எழுதினேன். கூடவே சோதனையையும் எழுதினேன்: இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நடுவில் நறநறவென்று எதுவும் தட்டாமல் மசிய வேண்டும்.

இரண்டாம் முறை பருப்பு சரியாக வந்தது. சாதத்தில் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டால் புகைந்த வாசம் வருகிறது என்றாள். புட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எள்ளெண்ணெய்தான், ஆனால் சீனச் சமையலுக்கான, எள்ளைக் கருக வறுத்துப் பிழிந்த கறுப்பு எண்ணெய். ‘வறுக்காத எள்ளில் ஆட்டியது, இந்தியக் கடையில் கிடைக்கும்’ என்று குறிப்பில் சேர்த்தேன்.