கிரெடிட் பிளாக்கை விடுவிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதக் கடைசியில், எங்கள் கிரெடிட் கன்ட்ரோலுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன், டீலர் அனுப்பிய செக் போட்டோவை வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டே எஸ்ஏபியில் ரசீது போட ஆரம்பித்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். பழைய கம்பெனியில் நானும் இதைத்தான் செய்தேன். லிமிட்டில் ஒரு சைபர் கூடிப்போவது, பார்ட்டி கோடு மாறிப்போவது எல்லாம் அன்று மாலைக்குள் மாட்டிக்கொள்ளும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின்தேதி போட்ட செக்குக்கு ரசீது போடுவது

பழைய கம்பெனியில், அன்று 30ஆம் தேதி. டீலரின் லிமிட் 10 லட்சம். கட்டாத பில் 6.2 லட்சம், சரக்கு போய் பில் ஆகாதது 80 ஆயிரம், அனுப்ப வேண்டிய பழைய ஆர்டர் 1 லட்சம். ஆக 8 லட்சம் ஏற்கெனவே நிற்கிறது. அதன் மேல் 3.5 லட்சத்துக்கு ஒரு ஆர்டர் வந்தது. மொத்தம் 11.5 லட்சம் ஆகிவிடவே, சிஸ்டம் பிளாக் செய்தது. சரியாகத்தான் செய்தது.

சேல்ஸ் ஆள் 4 லட்சத்துக்கு ஒரு செக்கோடு வந்து நின்றார். செக்கில் அடுத்த மாதம் 12ஆம் தேதி. "செக் கையில இருக்கே சார், அப்புறம் என்ன?" என்றார். நானும் ரசீது போட்டேன். 8 லட்சம் 4 லட்சமாக இறங்கியது. புது ஆர்டரைச் சேர்த்தாலும் 7.5 லட்சம்தான். மறுபடி கிரெடிட் சோதனை ஓட்டியதும் பிளாக் தானாகப் போய்விட்டது, லாரி கிளம்பியது.

இதில் பலரும் கவனிக்காதது, அந்த ரசீது ஒரு ஆர்டரை மட்டும் விடுவிக்கவில்லை என்பதுதான். 2.5 லட்சத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. மறுநாள் காலை அதே டீலர் 2.4 லட்சத்துக்கு இன்னொரு ஆர்டர் போட்டார். அது பிளாக் ஆகவே இல்லை, என் மேஜைக்கே வரவில்லை. 14ஆம் தேதி செக் பவுன்ஸ். ரசீதைத் திருப்பியதும் 13.9 லட்சம் என்று காட்டியது. ஆனால் திருப்புவதால் போன சரக்கு திரும்பி வராதே. சிஸ்டம் அடுத்த ஆர்டரைத்தான் தடுக்கும்.

திருப்புவதிலும் ஒரு தப்பு செய்தேன். FBRA போட்டு, தீர்ந்த பில்களை மறுபடி திறந்திருக்க வேண்டும். நான் செக் தொகைக்கு 14ஆம் தேதியிட்டுப் புதிதாக ஒரு டெபிட் போட்டேன். தொகை சரிதான். ஆனால் 90 நாள் பழைய பில்கள் தீர்ந்தவையாகவே கிடக்க, அந்த 4 லட்சமும் நேற்று வந்த பாக்கிபோல் காட்டியது. மிகப் பழைய பாக்கி எத்தனை நாள் என்று பார்க்கும் சோதனை அந்த டீலரைப் பல வாரம் நல்ல பார்ட்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இப்போது நாங்கள் பின்தேதி செக்கைத் தனியாக, ஸ்பெஷல் ஜிஎல் வழியாகப் பதிகிறோம். அந்த ஸ்பெஷல் ஜிஎல்லில் `Rel.to credit limit` டிக் இருக்கக் கூடாது, இருந்தால் செக் தொகை பாக்கியிலிருந்து கழிந்துவிடும், மறுபடி அதே கதைதான். அன்றைய தேதி போட்ட செக் என்றாலும் வங்கியில் வரவு விழுந்த பிறகே ரசீது. 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி செக் கிளியரிங்கை வேகப்படுத்திவிட்டதால், பெரும்பாலும் அன்று மாலையே பாஸா பவுன்ஸா என்று தெரிந்துவிடுகிறது. லாரியை அதுவரை நிறுத்தி வைக்கலாம், டிரைவர் திட்டுவார், அவ்வளவுதான்.

ஆர்டரை விடுவிக்க லிமிட்டை ஏற்றுவது

ஒரு ஆர்டர் போகட்டும் என்றால் VKM3-இல் அந்த ஆர்டரை மட்டும் விடுங்கள். "ரெண்டு நாளைக்கு" என்று ஏற்றிய லிமிட்டை யாரும் இறக்கி நான் பார்த்ததில்லை.

ஆர்டர் போடும்போது மட்டும் சோதிப்பது

3ஆம் தேதி பாஸான ஆர்டருக்கு 20ஆம் தேதி சரக்கு கிளம்புகிறது. நடுவில் இரண்டு பில் கெடு தாண்டியிருக்கலாம். டெலிவரி போடும்போது இன்னொரு தடவை சோதிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கையால் விடுவித்த ஆர்டர் அங்கே மறுபடி மாட்டுகிறது என்று சேல்ஸ் கத்தும். விடுவித்த ஆர்டரை எத்தனை நாள்வரை, எத்தனை சதவீத மாற்றம்வரை திரும்பச் சோதிக்க வேண்டாம் என்று OVA8-இல் கொடுக்கலாம். அங்கே பெரிய எண்ணாகப் போட்டுவிட்டால் இரண்டாவது சோதனை இருந்தும் பயனில்லை.

போனில் வந்த அனுமதி

மெயிலில் வரட்டும்.