பிடிஎஃப்-இல் படித்தது தேர்வில் ஏன் வரிசை மாறுகிறது

எஸ்பிஎம் நெருங்கும் மாதங்களில் கோலாலம்பூரில் படிவம் ஐந்து மாணவர்களின் புலனக் குழுக்கள் பிடிஎஃப் கோப்புகளால் நிரம்பிவிடும். வரலாற்றுப் பாடக் குறிப்புகள், முந்தைய ஆண்டுக் கேள்வித்தாள்கள், பாடநூலின் மின்பதிப்பு என எல்லாமே திறன்பேசியில்தான். எல்ஆர்டியில் செந்தூலிலிருந்து ஊருக்குள் போவதற்குள் ஒரு பாடத்தைப் படித்து முடித்துவிடுகிறார்கள். தேர்வில் பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. எது முன்னால், எது பின்னால், எதனால் எது நடந்தது என்று கேட்டால்தான் குழப்பம்.

உடனே திரையின் வெளிச்சத்தையும் கண் வலியையும் குறை சொல்வார்கள். முதல் தவறு அங்கேதான். கண்ணைவிட, “புரிந்துவிட்டது, போதும்” என்று மனம் முடிவு செய்யும் நேரத்தில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இஸ்ரேலில் ஆக்கர்மன், கோல்ட்ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். படிக்கும் நேரத்தை ஆய்வாளர்களே நிர்ணயித்தபோது தாளில் படித்தவர்களும் திரையில் படித்தவர்களும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கினார்கள். எப்போது நிறுத்துவது என்பதைப் படிப்பவரிடமே விட்டதும் திரையில் படித்தவர்கள் பின்தங்கினார்கள். தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்ற அவர்களுடைய கணிப்பும் உண்மையைவிட உயரத்தில் இருந்தது.

அப்படியானால் அலாரம் வைத்து 20 நிமிடம் படித்தால் சரியாகிவிடுமா? ஆகாது. 2018-இல் டெல்காடோ குழுவினர் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நேர நெருக்கடியில் படித்தபோது தாளுக்கும் திரைக்கும் உள்ள இடைவெளி கூடத்தான் செய்தது. படித்தது உள்ளே போனதா என்று பார்க்கும் வழி எதுவும் அலாரத்தில் இல்லை.

அதே தொகுப்பாய்வு சொல்லும் அளவையும் மிகைப்படுத்தக் கூடாது. தாளில் படித்த ஒருவரையும் திரையில் படித்த ஒருவரையும் 100 முறை ஜோடி சேர்த்தால் ஏறத்தாழ 56 முறை தாள்காரர் முந்துவார், 44 முறை மற்றவர். தகவல் நிறைந்த பாடங்களில்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது. கதை மட்டும் படித்தவர்களிடம் தெரியவில்லை. ஆகவே “திரையில் படித்தால் ஒன்றுமே ஏறாது” என்று பிள்ளையை மிரட்டுவதற்கு ஆதாரம் இல்லை.

இரண்டாவது தவறு, முழுப் பாடத்தையும் ஒரே நீளமாக உருட்டிக்கொண்டே போவது. புத்தகத்தில் ஒரு செய்திக்கு இடம் உண்டு: இடப்பக்கம், கீழே, படத்துக்குப் பக்கத்தில். கையில் பிடித்திருக்கும் கனத்தை வைத்தே பாடத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று தெரியும். உருட்டும் திரையில் ஒரே வரி சற்று முன் மேலே இருந்தது, இப்போது கீழே இருக்கிறது. 2019-இல் மாங்கென் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 50 பேர் 28 பக்கக் கதை ஒன்றைப் படித்தார்கள், பாதிப் பேர் நூலாகவும் மற்றவர்கள் கிண்டிலிலும். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் அடுக்கச் சொன்னபோது நூலில் படித்தவர்களே மேல். கையில் உணரும் பக்கக் கனம் இதற்கு உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

வரலாற்றுப் பாடத்தில் வரிசை போனால் காரணமும் போய்விடும். பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயன் யூனியன் ஆட்சித் திட்டம் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். 1945 அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரிட்டிஷ் பிரதிநிதி மெக்மைக்கல் அதற்குச் சம்மதம் கேட்டுச் சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கினார். 1946 ஜனவரியில் திட்டத்தை அறிவிக்கும் வெள்ளை அறிக்கை வந்தது. மார்ச் மாதம் கம்போங் பாருவில், சுல்தான் சுலைமான் கிளப்பில் அதை எதிர்த்து மலாய்க்காரர்களின் மாநாடு கூடியது. ஏப்ரல் 1-இல் யூனியன் நடைமுறைக்கு வந்தது. மே 11-இல் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ தோன்றியது. 1948 பிப்ரவரி 1-இல் யூனியனுக்குப் பதிலாக மலாயா கூட்டரசு அமைந்தது.

திறன்பேசியில் இதை ஒருமுறை உருட்டிப் பார்த்த மாணவருக்கு மெக்மைக்கல், வெள்ளை அறிக்கை, அம்னோ ஆகிய எல்லாம் தெரிந்த பெயர்களாகவே இருக்கும். அந்தப் பரிச்சயத்தைத்தான் அவர் புரிதல் என்று எடுத்துக்கொள்கிறார். தேர்வில் அம்னோவைத் தூக்கி மார்ச் மாநாட்டுக்கு முன்னால் வைத்துவிட்டால், அந்த மாநாடு எதற்காகக் கூடியது, அம்னோ அதிலிருந்து எப்படிப் பிறந்தது என்று விளக்க வேண்டிய பத்தி முழுவதும் சாய்ந்துவிடும். இந்த மாணவரை மஞ்சள் கோடும் காப்பாற்றாது. விரலால் இழுத்து நிறம் பூசும்போது வரிசையை யோசிக்க வேண்டிய தேவையே வருவதில்லை.

இதைச் சரிசெய்யச் செலவு எதுவும் இல்லை. பிடிஎஃப் செயலியின் பார்வை அமைப்பில் தொடர் உருட்டலை நிறுத்திவிட்டு, `Single Page` போன்ற ஒற்றைப் பக்கத் தேர்வை வையுங்கள். அப்போது ஒவ்வொரு செய்தியும் தன் பக்கத்தில் அசையாமல் நிற்கும். எழுத்து சிறிதாக இருக்கிறதென்று பெரிதாக்கி இடவலமாக நகர்த்தினால் இந்தப் பலன் கெட்டுவிடும். திறன்பேசியைக் கிடையாகத் திருப்பினாலும் பக்கம் துண்டு துண்டாகத்தான் தெரியும். மடிக்கணினியோ பெரிய தட்டைக் கணினியோ இருந்தால் வரலாற்றை அதில் படிப்பதே மேல்.

அடுத்து, இரண்டு மூன்று பக்கம் முடிந்ததும் நிறுத்துங்கள். “இதிலிருந்து ஆறு நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதச் சொன்னால் எத்தனை சரியாக வரும்?” என்று கேட்டு, அந்த எண்ணை ஓரமாக எழுதி வையுங்கள். உடனே எழுதிப் பார்க்காதீர்கள். படித்த சூடு ஆறுவதற்குள் எழுதினால் எல்லாம் வந்துவிடும், சோதனை பொய்யாகிவிடும். அரை மணி நேரம் வேறு பாடம் பாருங்கள். பிறகு கோப்பைத் திறக்காமல், வெற்றுத்தாளில் ஆறையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இடையில் “அதனால்” என்றோ “அதை எதிர்த்து” என்றோ போட்டு இணையுங்கள். ஐந்து வரும் என்று கணித்து மூன்றுதான் வந்திருந்தால், அந்த இரண்டுதான் திரை உங்களுக்குக் காட்டிய மாயம். அந்தப் பக்கங்களை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

சற்றுக் கழித்து முக்கியச் சொற்களை நினைவிலிருந்து எழுத வைக்கும் முறையை ஆக்கர்மனும் லாட்டர்மனும் 2014-இல் சோதித்துக் காட்டினார்கள். திரையில் படிப்பவர்களின் பின்னடைவையும் மிகை நம்பிக்கையையும் அதனால் குறைக்க முடிந்தது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பயந்துபோய் எல்லாக் கோப்புகளையும் போட்டோஸ்டாட் கடைக்குக் கொண்டுபோய் அச்செடுப்பது. பக்கத்துக்குச் சில சென்தான் என்றாலும் ஐந்து பாடம் சேர்ந்தால் கனமான கட்டு. அந்தக் கட்டு மேசையில் இருப்பதே படித்ததுபோலத் தோன்றும், திரை தந்த அதே ஏமாற்று. காரண விளைவும் கால வரிசையும் நெருக்கமாக வரும் பக்கங்களை மட்டும் அச்செடுங்கள். காகிதத்தை மிச்சப்படுத்த ஒரு தாளில் நான்கு பக்கத்தைச் சுருக்கி அடிக்காதீர்கள், படிக்கவே தோன்றாது. இலக்கியப் பாடத்தின் சிறுகதையையும் நாவலையும் கதைக்காகப் படிக்கும்போது திறன்பேசியிலேயே படிக்கலாம். நாவலின் நிகழ்ச்சிக் கோவையை எழுத வேண்டிய கேள்வி வரும் என்றால் மட்டும் நூலகத்திலிருந்து அச்சுப்பிரதியை எடுத்து வாருங்கள்.