டி.எம்.இசட் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: உள் ஃபயர்வாலைத் தாண்டிப் போகும் வழிகள்

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். வெளியூர் வியாபாரிகள் இருப்பும் விலையும் பார்க்க ஒரு வெப் சர்வர் இருக்கிறது. கணக்கும் பில்லும் டேட்டாபேஸ் சர்வரில் இருக்கின்றன. இணையத்துக்கும் வெப் சர்வருக்கும் நடுவில் ஒரு ஃபயர்வால், வெப் சர்வருக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவில் இன்னொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிதான் டி.எம்.இசட்.

ஊரில் யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய சர்வர் என்றாவது ஒருநாள் பிறர் கைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டுதான் இப்படிப் பிரிக்கிறோம். வெளி ஃபயர்வால் 443ஆம் போர்ட்டைத் திறந்தே ஆக வேண்டும். அந்த வழியாக வரும் தாக்குதல் பெரும்பாலும் அதற்குச் சாதாரண வாடிக்கையாளர் போலவே தெரியும். சர்வர் கைமாறிய பிறகு கணக்கைக் காப்பது உள் ஃபயர்வால்.

அதனால், வெப் சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு அதை நேராக அலுவலக சுவிட்சில் செருகுவதைத்தான் மிக மோசமான தவறு என்பேன். பேக்கப் வேகமாகப் போகும் என்று செய்துவிடுகிறார்கள். வெப் சர்வரில் `ip -br addr` கொடுத்தால் விஷயம் தெரிந்துவிடும்:

```
eth0  UP  172.16.5.10/24
eth1  UP  192.168.10.40/24
```

முதல் வரி டி.எம்.இசட் முகவரி. இரண்டாவது வரி இருக்கவே கூடாது. அந்தக் கேபிள் வழியாக அலுவலகக் கணினிகளுக்குள் யார் நுழைந்தாலும் உள் ஃபயர்வாலின் லாகில் ஒரு வரிகூட விழாது. பேக்கப் வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் பேக்கப் சர்வரே உள் ஃபயர்வால் வழியாக வந்து எடுத்துப் போகட்டும்.

அடுத்த தவறு ஃபயர்வால் விதியில். வெப் சர்வரிலிருந்து 192.168.10.8 என்ற டேட்டாபேஸ் சர்வரின் 5432ஆம் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி போதும். ஏதோ ஒரு நாள் இணைப்பு கிடைக்கவில்லை என்று அந்த இடத்தில் `any` போடுவார்கள், அப்புறம் அது அப்படியே நின்றுவிடும். உள்ளிருந்து தொடங்கும் இணைப்புக்குப் பதில் திரும்பி வரவேண்டுமே என்று தனியாக ஒரு விதி எழுதுகிறவர்களும் உண்டு. இன்றைய ஃபயர்வால்கள் இணைப்பின் நிலையை நினைவில் வைப்பவை. பதில் தானாகவே வந்து சேரும்.

வெப் சர்வரிலிருந்தே சோதிக்கலாம்:

```
nc -zv -w 3 192.168.10.8 5432
nc -zv -w 3 192.168.10.8 445
```

முதலாவது இணைய வேண்டும். இரண்டாவது தோற்க வேண்டும், ஆனால் எப்படித் தோற்கிறது என்று பாருங்கள். ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுத்தால் `timed out` வரும். `refused` வந்தால், பெரும்பாலும் பாக்கெட் உள்ளே போய்விட்டது, அங்கே அந்த சேவை இல்லாததால் திரும்பியது என்று பொருள். ஃபயர்வாலில் `reject` போட்டிருந்தாலும் இதே பதில் வரலாம், லாகைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, திறந்திருக்கும் 5432? அந்த வழியை ஃபயர்வால் காக்காது. டேட்டாபேஸின் பாஸ்வேர்டு வெப் சர்வரிலேயே இருக்கும். ஆகவே அந்தப் பயனர் கணக்குக்கு இருப்பு, விலை டேபிள்களில் `SELECT` உரிமை மட்டும் கொடுங்கள். பில் டேபிளைத் தொடும் உரிமை வேண்டாம்.