மேடைப் பெயருக்கு ஒரு சின்ன வழி

ஸ்டாண்ட்-அப் மேடைக்குப் பெயர் தேடுகிறீர்களா? சொந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் ஒரு சாதாரணப் பொருளை மட்டும் ஒட்டுங்கள். நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்ததால்தான் சீனிவாசன் 'தேங்காய்' சீனிவாசன் ஆனார்.

'குசும்பு ரமேஷ்' என்றால் சிரிக்கச் சொல்லிக் கட்டளை போடுவதுபோல் இருக்கும். கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு "எங்கே, சிரிக்க வை பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிடும். 'ரசீது ரமேஷ்' எந்த வாக்குறுதியும் தருவதில்லை. பத்து ரூபாய் டீக்கும் பில் கேட்கும் ஆள் போல என்று கேட்பவர் மனசே ஓர் உருவத்தைப் போட்டுக்கொள்ளும். முதல் ஜோக்கை அதிலிருந்தே தொடங்கலாம்.

நண்பரை விட்டு மைக்கில் அறிவிக்கச் சொல்லிப் பாருங்கள். பெயருக்கே பலத்த சிரிப்பு வந்தால் மாற்றிவிடுங்கள், அடுத்த முறை அது புளித்துப்போகும். "ஏன் ரசீது?" என்று கேட்டால் அதுதான் சரியான பெயர். உடம்பைக் கேலி செய்யும் அடைமொழி வேண்டவே வேண்டாம். உடம்பு மாறினாலும் பெயர் மாறாது.

ஏற்கெனவே சொந்தப் பெயரில் வீடியோக்கள் ஓடிக்கொண்டிருந்தால் இது வேண்டாம், தேடி வருபவர்கள் தொலைந்துபோவார்கள். பெயரே அபூர்வமாக இருந்தாலும் அடைமொழி தேவையில்லை.