அரங்கில் இருப்பவருக்கே பரிசு, ஒருவருக்கு ஒரே பரிசு: குலுக்கல் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் காவேரிப்பட்டணத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த மா விவசாயிகள் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். குலுக்கல் நடத்திய இளைஞர் மடிக்கணினியில் வருகைப் பட்டியலைத் திறந்து, எண் ஒன்றை வரவழைத்து, திரையில் தெரிந்த பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார். வென்றவர் மேடைக்கு வந்து சேர்வதற்குள் திரையில் வேறொரு பெயர் நின்றது. எட்டு ஆண்டுகளுக்கு முன் தருமபுரியில் நான் செய்த அதே தவறு அது. அதனால்தான் இதை எழுதுகிறேன். டோக்கனைச் சரியாக மடிக்காமல் பெட்டியில் போடுவது போன்ற எல்லோரும் அறிந்த பிழைகளை இங்கே சொல்லப் போவதில்லை.

பதிவு செய்தவரெல்லாம் வந்தவர் அல்லர்

முன்பதிவுப் பட்டியலை அப்படியே குலுக்கலுக்கு எடுத்தால், வராதவர் பெயர்தான் அடிக்கடி விழும். நுழைவாயிலில் வருகையைக் குறிக்க, கட்டத்தில் எழுத்தைத் தட்டச்சு செய்ய விடாமல், டிக் பெட்டி வையுங்கள். ஒருவர் 'வ' என்றும் மற்றொருவர் 'வ' போட்டு ஓர் இடைவெளியும் விட்டால், கணினிக்கு அவை இரண்டும் வேறு வேறு. வந்திருந்தும் ஒருவர் பட்டியலில் இடம்பெறாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

வடிகட்டி மறைத்தால் போதும் என்று நினைப்பது

வராதவர்களின் வரிசைகளை ஃபில்டர் போட்டு மறைத்துவிட்டு, மொத்த வரிசைகளிலிருந்து எண் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மறைந்த வரிசை நம் கண்ணுக்குத்தான் மறைந்திருக்கிறது. சூத்திரம் அதையும் எண்ணிக்கொள்கிறது.

எண் ஓயாமல் மாறும் சூத்திரத்தை நம்புவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பெரும்பாலோர் எழுதும் சூத்திரம் இப்படி இருக்கும்:

```
=INDEX(B2:B148, RANDBETWEEN(1,147))
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் `RANDBETWEEN`, `RAND` ஆகிய இரண்டும் ஒருமுறை எண் தந்துவிட்டு நிற்பவை அல்ல. தாளில் எந்தக் கட்டத்தில் எதை மாற்றினாலும் அவை புதிய எண்ணைத் தந்துவிடும். வென்றவர் பெயருக்கு எதிரே 'பரிசு பெற்றார்' என்று நீங்கள் குறிக்கும் அந்தச் செயலே திரையில் இருக்கும் பெயரை மாற்றிவிடுகிறது. பதறிப்போய் `Ctrl+Z` அழுத்தினால் குறிப்பு அழியுமே தவிர, பழைய பெயர் திரும்பி வராது.

தருமபுரியில் எனக்கு நடந்தது இன்னும் மோசம். அன்று நான் எதையும் தொடவில்லை. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, அறிவிப்பாளர் வாசிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் ஒரு பெயரை வாசித்தார். பிறகு உறுதி செய்துகொள்ளத் திரும்பிப் பார்த்து, இரண்டாம் முறை வேறொரு பெயரை வாசித்தார். ஒரே விசைத்தெளிப்பானுக்கு இரண்டு பேர் மேடை ஏறினார்கள். பெரியவர் ஒருவர் என்னிடம், "தம்பி, முதல்ல என் பேரைத்தானே வாசிச்சீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அமைப்பாளர்கள் மறுநாள் இன்னொரு தெளிப்பான் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் பாதித் தொகையை நான் ஏற்றுக்கொண்டேன்.

காரணம் எனக்கு இரவில்தான் புரிந்தது. அது பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கூகுள் ஷீட். நுழைவாயிலில் இருந்தவர் தாமதமாக வந்த ஒருவருக்குத் தம் செல்பேசியில் டிக் போட்டிருக்கிறார். அந்த ஒரு டிக் மேடையில் இருந்த என் திரையிலும் எண்ணைப் புதுப்பித்துவிட்டது.

ஆகவே ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு எண் எடுக்கும் முறையையே விட்டுவிடுங்கள். வந்தவர்கள் அனைவரையும் ஒரே ஒருமுறை கலைத்து, அந்த வரிசையை உறையவைத்து, மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போவதே சரியான வழி. ஒவ்வொருவரும் பட்டியலில் ஒரே ஒருமுறைதான் இருப்பதால், ஒருவரே இருமுறை வெல்ல வழியே இல்லை.

காவேரிப்பட்டணத்தில் பெயர் மாறிய அந்தக் குலுக்கலை விட்டுவிட்டு, அந்த இளைஞருடன் உட்கார்ந்து புதிதாக நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் வருகைப் பதிவை மூடினோம். இனி வருபவர் குலுக்கலில் இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தோம். கூகுள் ஷீட்டில் 'பதிவு' என்ற தாளில் A எண், B பெயர், C செல்பேசி, D வருகை. புதிய தாள் ஒன்றில் வந்தவர்களை மட்டும் எடுத்தோம்:

```
=FILTER('பதிவு'!A2:C, 'பதிவு'!D2:D=TRUE)
```

149 வரிசைகள் வந்தன. அவற்றை நகலெடுத்து, சூத்திரம் இல்லாத மதிப்புகளாக `Ctrl+Shift+V` கொண்டு வெற்றுத் தாள் ஒன்றில் ஒட்டினோம். இரட்டைப் பதிவு இரண்டை நீக்கியபின் 147 பேர் நின்றார்கள். அவர்களுக்கு எதிரே D நெடுவரிசையில் `=RAND()` போட்டோம். அந்த நெடுவரிசையையும் நகலெடுத்து, அதே இடத்தில் `Ctrl+Shift+V` அழுத்தினோம். இந்தக் கணத்தில்தான் எண்கள் உறைகின்றன. இதைத் தாண்டிக் குதித்தால் செய்ததெல்லாம் வீண். அடுத்து A2:D148 முழுவதையும் தேர்ந்தெடுத்து, D-யின்படி வரிசைப்படுத்தினோம். D நெடுவரிசையை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினால், எண்கள் இடம் மாறுமே ஒழிய, பெயர்கள் பதிந்த வரிசையிலேயே நிற்கும். முதலில் வந்து பதிந்தவர்களே எல்லாப் பரிசையும் பெறுவார்கள். உறைந்துவிட்டதா என்று அறிய, ஓரமாக ஒரு வெற்றுக் கட்டத்தில் ஏதேனும் தட்டச்சு செய்து பாருங்கள். D-யில் ஒரு எண்ணும் அசையக் கூடாது.

மறுமுறை விழாது என்று எண்ணுவது

147 பேரில் ஒருவருக்கே இரண்டாம் முறை விழுவது அரிது என்று பலர் வாதிடுகிறார்கள். வென்றவரை நீக்காமல் 12 பரிசுகளுக்குக் குலுக்கினால், யாரேனும் ஒருவர் இருமுறை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. ஒவ்வொரு புதிய பரிசும் முன்பு வென்ற அத்தனை பேரோடும் மோதக்கூடும் என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரே ஆள், இரண்டு வரிசை

அந்த இரட்டைப் பதிவுகள் எப்படி வந்தன என்றால், ஒருவர் தம் பெயரை ஒருமுறை தமிழிலும் மறுமுறை ஆங்கிலத்திலும் பதிந்திருந்தார். இன்னொருவர் செல்பேசி எண்ணை ஒருமுறை +91 சேர்த்தும் ஒருமுறை சேர்க்காமலும் தந்திருந்தார். பெயரை வைத்துத் தேடாமல், எண்ணின் கடைசிப் பத்து இலக்கங்களை ஒப்பிடுங்கள். ஆனால் எண் ஒன்றாக இருப்பதாலேயே நீக்கிவிடவும் கூடாது. வீட்டுக்கு ஒரே எண்ணைக் கொடுக்கும் கணவன் மனைவியர் நம் ஊர்க் கூட்டங்களில் நிறையவே உண்டு. ஒரே எண் கண்ட இடத்தில், நுழைவாயிலில் இருந்தவரைக் கேட்டு ஆளை உறுதி செய்த பிறகே நீக்க வேண்டும்.

இல்லாதவர் பெயரை மீண்டும் பெட்டியில் போடுவது

போடாதீர்கள்.

காத்திருக்கும் நேரத்தை மேடையில் முடிவு செய்வது

மாலை ஐந்து மணிக்கு மேல் பேருந்துக்காகக் கிளம்பியவர்கள் பட்டியலில் டிக்கோடு இருப்பார்கள், அரங்கில் இருக்க மாட்டார்கள். மூன்று முறை பெயர் சொல்வோம், ஒரு நிமிடம் காத்திருப்போம், கையொப்பமிட ஆள் நேரில் வர வேண்டும் என்பதைக் குலுக்கலுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். உறவினர் வந்து வாங்கிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கும் அப்போதே பதில் சொல்லிவிடுங்கள். வென்றவர் பெயர் தெரிந்த பிறகு சொல்லும் எந்த விதியும் அவருக்காகவோ அவருக்கு எதிராகவோ செய்ததாகத்தான் தெரியும்.

கட்டணச் சீட்டு

விற்காதீர்கள், தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடையில் இருக்கிறது, உங்கள் குலுக்கல் அந்தச் சந்தேகத்துக்கு இடம் தர வேண்டாம்.

பெரிய பரிசை முதலில் கொடுப்பது

கொடுத்ததும் அரங்கு காலியாகும்.

காவேரிப்பட்டணத்தில் 12 பரிசுகளும் முடிந்தபோது நாங்கள் 17-ஆம் வரிசையில் இருந்தோம். இடையில் ஐந்து பேர் அரங்கில் இல்லை. அவர்கள் பெயருக்கு எதிரே 'இல்லை' என்று குறித்து, நேரத்தையும் எழுதினோம். கலைத்த பட்டியலை முதல் பெயரை வாசிக்கும் முன்பே அச்செடுத்து, முன்வரிசையில் இருந்த இரு விவசாயிகளிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் பெற்று, உறையிட்டு அவர்களிடமே கொடுத்திருந்தோம். அஞ்செட்டிப் பேருந்தைப் பிடிக்கப் போனவர் ஒருவர் மறுநாள் தொலைபேசியில் விசாரித்தபோது, அவர் பெயர் 9-ஆம் வரிசையில் வந்ததையும், மூன்று முறை அழைத்த நேரத்தையும் அந்தத் தாளைப் பார்த்தே அமைப்பாளரால் சொல்ல முடிந்தது.